வாசனை எண்ணெயின் பாதுகாப்புத் தாள்: ஃப்ளாஷ் பாயிண்ட் எதைச் சொல்கிறது, எத்தனை சதவீதம் கலக்கலாம்

மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கியவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "எண்ணெயின் ஃப்ளாஷ் பாயிண்ட் 54 டிகிரி என்று போட்டிருக்கிறது. மெழுகை 80 டிகிரியில் வைத்துத்தானே ஊற்றச் சொல்கிறார்கள், தீப்பிடித்துவிடாதா?" என்பது முதலாவது. "எஸ்.டி.எஸ். முழுவதும் தேடிவிட்டேன், எத்தனை சதவீதம் கலக்கலாம் என்று எங்கேயும் இல்லையே?" என்பது இரண்டாவது.

இரண்டாவதற்குப் பதில் சுலபம். அது அந்தத் தாளில் இருக்காது, வேறு இரண்டு தாள்களில் இருக்கும். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

எஸ்.டி.எஸ். என்பது சேஃப்டி டேட்டா ஷீட். நம் ஊர் வியாபாரிகள் பலர் இன்னமும் பழைய பழக்கத்தில் எம்.எஸ்.டி.எஸ். என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதில் 16 பகுதிகள் ஒரே வரிசையில் இருக்கும். படிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்தத் தாள் பேசுவது பாட்டிலில் இருக்கும் கலக்காத எண்ணெயைப் பற்றி. அந்த எண்ணெய் சேர்த்து நீங்கள் செய்யும் மெழுகுவர்த்தியைப் பற்றி அல்ல. சேமிப்புக் கிடங்கில் வேலை செய்பவர், லாரி ஓட்டுநர், தீயணைப்பு வீரர், பாட்டில் உடைந்தால் துடைக்கப்போகிறவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது அது. அதில் பயமுறுத்தும் சொற்கள் இவ்வளவு இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஒரு மாதிரித் தாளை வைத்துப் பார்ப்போம். ஆரஞ்சும் பட்டையும் கலந்த வாசனை, பண்டிகைக் காலத்தில் நன்றாக விற்கும் ரகம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இந்த மாதிரி சிட்ரஸ் எண்ணெய்களின் தாளில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதல் பகுதியில் எண்ணெயின் பெயரும் குறியீட்டு எண்ணும் இருக்கும், தாளைத் திருத்திய தேதி அதிலோ கடைசிப் பகுதியிலோ இருக்கும். பாட்டில் லேபிளில் இருக்கும் பெயரோடு இது பொருந்துகிறதா என்று பாருங்கள். "ஆரஞ்சு" வகை எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுத் தாளை அனுப்பிவைக்கும் கடைகள் உண்டு, அது உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

இரண்டாம் பகுதிதான் ஆபத்துகளைச் சொல்லும் இடம். நம் மாதிரித் தாளில் H226, H304, H315, H317, H411 என்று ஐந்து குறியீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். H226 என்றால் தீப்பற்றக்கூடிய திரவமும் ஆவியும். H315 தோல் எரிச்சல், H317 தோல் ஒவ்வாமை, H411 நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலக் கேடு. ஆகவே மிச்ச எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது H304. விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று பொருள். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீர்போல ஓடும், அதனால் நுரையீரலுக்குள் சுலபமாக இறங்கிவிடும். நான்காம் பகுதியில் "வாந்தி எடுக்க வைக்காதீர்கள்" என்று எழுதியிருப்பதும் இதனால்தான். குழந்தை ஏதோ குடித்துவிட்டது என்றதும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் வீடுகளில் பழக்கம். இங்கே அதைச் செய்யக் கூடாது. பாட்டிலையும் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் பகுதியில் உட்பொருள்கள். லிமோனின் 30–40%, லினலூல் 1–5%, சின்னமால்டிஹைடு 1–5% என்று இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் நூறு வராது, வரவேண்டியதும் இல்லை. ஆபத்துப் பட்டியலில் வரும் பொருள்களை மட்டும் எழுதினால் போதும் என்பது விதி. மற்றவை வியாபார ரகசியம். சதவீதத்தை வரம்பாகக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

இப்போது ஒன்பதாம் பகுதிக்கு வருவோம். ஃப்ளாஷ் பாயிண்ட் இருப்பது இங்கேதான்.

54 டிகிரி என்றால் என்ன

ஆய்வகத்தில் ஒரு சிறிய மூடிய கிண்ணத்தில் எண்ணெயை வைத்து மெதுவாகச் சூடேற்றுவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் மூடியைத் திறந்து ஒரு சின்னச் சுடரை உள்ளே காட்டுவார்கள். எந்த வெப்பநிலையில் எண்ணெயின் மேலிருக்கும் ஆவி முதல்முறையாகக் குப்பென்று ஒரு நொடி பற்றி அணைகிறதோ, அதுதான் ஃப்ளாஷ் பாயிண்ட். தாளில் "குளோஸ்ட் கப்" என்று குறித்திருப்பது இந்த மூடிய கிண்ணத்தைத்தான்.

இந்தச் சோதனையில் சுடரை வெளியிலிருந்து காட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் 54 டிகிரியைத் தொட்டதும் தானாக எரிவதில்லை. தானாகத் தீப்பிடிக்கும் வெப்பநிலை வேறு, பெரும்பாலான வாசனைப் பொருள்களுக்கு அது 200 டிகிரிக்கும் மேலே இருக்கும். 54 என்ற எண் சொல்வது இவ்வளவுதான்: இந்த எண்ணெய் தனியாக, கலக்காமல், 54 டிகிரிக்கு வந்துவிட்டால், அதன் மேலிருக்கும் காற்றில் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி சேர்ந்திருக்கும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் பற்றும்.

ஆவி அந்த அளவுக்குச் சேர்வது எந்தப் பொருளால்? நம் மாதிரியில் லிமோனினால். அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் ஏறக்குறைய 48 டிகிரி. காற்றில் அதன் ஆவி 0.7% அளவுக்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். கலவையில் மற்ற பொருள்கள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், சீக்கிரம் ஆவியாகும் பொருள்தான் மொத்தக் கலவையின் எண்ணையும் கீழே இழுக்கும். பென்ஸைல் பென்சோயேட் போன்ற கனமான பொருளின் ஃப்ளாஷ் பாயிண்ட் 140-க்கும் மேல். ஆனாலும் அதில் லிமோனினைக் கணிசமாகக் கலந்தால் கலவை 50-களுக்கு வந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு, பைன் வாசனைகளின் எண் குறைவாகவும், வெனிலா, சந்தனம், ஆம்பர் வகைகளின் எண் அதிகமாகவும் இருப்பதன் காரணம் இது. ஆல்கஹால் சேர்த்த உடம்பு ஸ்ப்ரேயை மெழுகில் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எத்தனாலின் ஃப்ளாஷ் பாயிண்ட் 13 டிகிரி பக்கம், அதாவது நம் ஊரில் அது எப்போதுமே பற்றும் நிலையில்தான் இருக்கிறது. ஊற்றவே கூடாது.

சரி, 80 டிகிரி மெழுகில் இந்த 54 டிகிரி எண்ணெயை ஊற்றினால்? எண்ணெய் இப்போது தனியாக இல்லை, மெழுகுக்குள் பரவிவிட்டது. கலவையில் லிமோனினின் பங்கு குறைந்ததால் மேலே வரும் ஆவியும் குறைகிறது. கலவையின் ஃப்ளாஷ் பாயிண்ட் தனி எண்ணெயினுடையதைவிட மேலே போய்விடும். உலகெங்கும் 80–85 டிகிரி மெழுகில் இத்தகைய எண்ணெய்களைத் தினமும் கலக்கிறார்கள், எண்ணெய் மெழுகில் நன்றாகக் கரையவும் அந்தச் சூடு தேவை. ஆனால் ஆவி குறைந்தது என்றால் இல்லாமல் போனது என்று அர்த்தமில்லை. ஊற்றும் அந்தச் சில நொடிகளில், இன்னும் கலக்காத எண்ணெய் சூடான பாத்திரத்தின் ஓரத்தில் வழிகிறது, மேற்பரப்பில் மிதக்கிறது. அப்போது ஆவி தாராளமாகவே வரும்.

ஆகவே கவலைப்பட வேண்டியது மெழுகின் சூட்டைப் பற்றி அல்ல, பக்கத்தில் இருக்கும் நெருப்பைப் பற்றி. வெளிநாட்டு வீடியோக்களில் மின்சார உருக்கியையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ வைத்துச் செய்கிறார்கள். நம் வீடுகளில் கேஸ் அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். லிமோனின் ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. அது மேலே எழுந்து எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போகாது, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, மேடையோடு கீழே வழிந்து பர்னரைத் தேடிப் போகும். எண்ணெய் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, மெழுகுப் பாத்திரத்தைத் தூக்கி வேறு மேடையில் வைத்துக் கலக்குங்கள். பூஜை விளக்கும் அதே அறையில் எரியக் கூடாது. எண்ணெய் கெட்டியாக இருக்கிறது என்று பாட்டிலை நேரடியாக அடுப்பில் காட்டுவதும் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தினால் போதும்.

கூடவே ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். "ஃப்ளாஷ் பாயிண்டுக்கு மேலே சூடு இருந்தால் வாசனை எரிந்து போய்விடும், அதனால் 54 டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். அந்த எண்ணுக்கும் வாசனை போவதற்கும் சம்பந்தம் கிடையாது. வாசனை ஆவியாவது அறை வெப்பத்திலேயே நடக்கிறது, அதனால்தான் பாட்டிலைத் திறந்ததும் நமக்கு மணக்கிறது. சூடான மெழுகைத் திறந்தபடி அரை மணி நேரம் வைத்தால் வாசனை குறையும், உண்மைதான். ஆனால் சோயா மெழுகை 54 டிகிரிவரை ஆறவிட்டால் அது உறையும் நிலையை நெருங்கிவிடும், எண்ணெய் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். உங்கள் மெழுகைத் தயாரித்தவர் எந்த வெப்பநிலையில் எண்ணெய் சேர்க்கச் சொல்கிறாரோ அதையே பின்பற்றுங்கள். ஊற்றியபின் இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள்.

இந்த எண்ணை வாசிப்பதில் இரண்டு இடங்களில் கவனம் தப்பும். அமெரிக்கக் கடைகளின் தாளில் பாரன்ஹீட்டில் எழுதியிருப்பார்கள். 130°F என்று பார்த்ததும் "ஆஹா, 130, ரொம்பப் பாதுகாப்பு" என்று தோன்றும். செல்சியஸில் மாற்றினால் அது 54 தான், நம் ஆரஞ்சு எண்ணெயேதான். எண்ணோடு ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். இன்னொன்று, ">93°C" என்று இருப்பது. அது அளந்த எண் அல்ல. 93 வரை, அதாவது 200°F வரை சோதித்தும் பற்றவில்லை, அதற்கு மேல் தீ ஆபத்து வகைப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை என்பதால் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். இப்படி எழுதப்பட்ட இரண்டு எண்ணெய்களை ஒப்பிட்டு எது அதிகப் பாதுகாப்பானது என்று கேட்க முடியாது.

23 முதல் 60 டிகிரி வரையுள்ள திரவத்துக்குத்தான் H226 வரும். விமானத்திலும் கூரியரிலும் 60 டிகிரி என்பதே எல்லை. அதுவரை உள்ள எண்ணெய் பதினான்காம் பகுதியில் வகுப்பு 3, அதாவது தீப்பற்றும் திரவம் என்று வரும். கூரியர்காரர் வாங்க மறுத்தால் அது அவருடைய பிடிவாதம் அல்ல. வீட்டில் வைக்கும் இடத்துக்கும் இதே எண்ணை வைத்து யோசியுங்கள். தகரக் கூரை போட்ட மாடி அறையும், வெயிலில் நிறுத்திய காரும் மே மாதத்தில் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே இந்த எண்ணெய் கசிந்தால், ஒரு ஸ்விட்ச் பொறி போதும். ஏழாம் பகுதியில் "குளிர்ந்த, காற்றோட்டமான இடம்" என்று ஒற்றை வரியில் போட்டிருப்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் பகுதியில் அணைக்க எதைப் பயன்படுத்தலாம் என்று இருக்கும்: உலர் பவுடர், கார்பன் டை ஆக்சைடு, நுரை. தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. எரியும் மெழுகுக்கும் அதே விதிதான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை உலோக மூடியால் மூடுங்கள்.

அப்புறம் அந்தச் சதவீதம்

எத்தனை சதவீதம் கலக்கலாம் என்பதற்கு இரண்டு உச்சவரம்புகள் உண்டு. ஒன்று தோலுக்கும் உடம்புக்கும் தீங்கு வராத வரம்பு. இதைச் சொல்வது இஃப்ரா சான்றிதழ். இஃப்ரா என்பது 1973-இல் தொடங்கிய சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு. சான்றிதழில் பொருள்களை 12 வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சச் சதவீதம் போட்டிருப்பார்கள். மெழுகுவர்த்தி 12-ஆம் வகை. தோலில் படாத பொருள் என்பதால், பெரும்பாலான எண்ணெய்களுக்கு அந்தக் கட்டத்தில் 100% என்றே இருக்கும்.

இதைப் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம். 100% என்றால் நூறு சதவீதம் ஊற்றலாம் என்ற பரிந்துரை அல்ல, ஒவ்வாமைக் கணக்கில் தடை எதுவும் இல்லை என்று மட்டும் பொருள். மெழுகு அதைத் தாங்குமா, திரி எரியுமா என்பதெல்லாம் இஃப்ராவின் வேலையே இல்லை. வேறு கட்டத்தைப் பார்த்துவிட்டு 0.6% தான் போடலாமாம் என்று பதறுபவர்களும் உண்டு. அவர்கள் பார்த்திருப்பது அநேகமாக உதட்டுச் சாயத்துக்கோ உடம்பில் பூசும் கிரீமுக்கோ உள்ள கட்டம்.

மற்ற உச்சவரம்பை மெழுகு விற்பவரின் தொழில்நுட்பத் தாள் சொல்லும். ஒவ்வொரு மெழுகும் ஓரளவு எண்ணெயைத்தான் தன் படிகங்களுக்கு நடுவே பிடித்து வைத்துக்கொள்ளும். சோயா மெழுகுகளில் 6 முதல் 10% வரை சொல்வது வழக்கம், பாரஃபின் ரகத்துக்கு ரகம் மாறும். இஃப்ரா 100 என்றும் மெழுகு 10 என்றும் சொன்னால் உங்கள் எல்லை 10. இஃப்ரா 7 என்றால் எல்லை 7.

நம் மாதிரிக்குக் கணக்குப் போடுவோம். ஆறு கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் 180 கிராம் கலவை, ஆக 1,080 கிராம் வேண்டும். 8% போடுவதாக முடிவு. இந்தத் தொழிலில் சதவீதம் பொதுவாக மெழுகின் எடையை வைத்துச் சொல்லப்படுகிறது. எனவே 1,080-ஐ 1.08-ஆல் வகுத்தால் மெழுகு 1,000 கிராம், எண்ணெய் 80 கிராம். மொத்தத்தில் பார்த்தால் எண்ணெயின் பங்கு 7.4%. இந்த இரண்டாவது எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

80 கிராமைத் தராசில்தான் எடுக்க வேண்டும், அளவுக் குடுவையில் அல்ல. ஒன்பதாம் பகுதியில் ஃப்ளாஷ் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே அடர்த்தி இருக்கும். நம் ஆரஞ்சு எண்ணெய்க்கு 0.90. குடுவையில் 80 மில்லி எடுத்தால் உண்மையில் 72 கிராம்தான், 8% என்று நினைத்தது 7.2% ஆகிவிடும். அதே குடுவையில் 1.05 அடர்த்தியுள்ள வெனிலா எண்ணெய் 84 கிராம் வரும். ஒரே செய்முறையில் ஆரஞ்சு மணக்கவில்லை, வெனிலாவில் எண்ணெய் கசிகிறது என்ற புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். இன்னொன்று: சிட்ரஸ் எண்ணெயை எடை போடத் தெர்மோகோல் கப்பையோ மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரையோ வைக்காதீர்கள். லிமோனின் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கண்ணாடியோ ஸ்டீலோ போதும்.

அளவு மீறினால் என்ன ஆகும்? முதல் அறிகுறி உறைந்தபின் தெரியும்: மேற்பரப்பில் வியர்த்ததுபோல எண்ணெய்த் துளிகள், குவளையைச் சாய்த்தால் ஓரத்தில் வழிசல். வானிலை மாறும்போது லேசாக வியர்ப்பது வேறு, விரலால் துடைத்தபின்னும் மறுநாள் திரும்ப வந்தால் அளவு அதிகம். எரிக்கும்போது திரியின் தலையில் காளான் போலக் கரி கட்டும், கண்ணாடி விளிம்பு கறுக்கும், சுடர் துடிக்கும், சில நேரம் திரி எண்ணெயில் மூச்சுத் திணறித் தானே அணையும். மோசமான நிலை வேறொன்று: எண்ணெய் அதிகம், திரியும் தடிமன், குவளை ஆழம். அப்போது உருகிய குளம் முழுவதும் கொதித்துச் சூடாகி, திரியில் எரிய வேண்டிய நெருப்பு குளத்தின் மேற்பரப்புக்கே பரவிவிடலாம். இங்கே பாட்டிலின் ஃப்ளாஷ் பாயிண்ட் 54-ஆ 93-ஆ என்பது பெரிய வித்தியாசம் எதுவும் செய்யாது, காரணம் அளவும் திரியும்தான். வாசனை போதவில்லை என்றால் எண்ணெயைக் கூட்டுவதற்கு முன் திரியின் அளவை மாற்றிப் பாருங்கள், சோயா மெழுகானால் ஓரிரு வாரம் வைத்திருந்து எரித்துப் பாருங்கள். 6%-இல் ஒன்று, 8%-இல் ஒன்று, 10%-இல் ஒன்று என்று அதே திரியோடு செய்து, அருகருகே எரித்துப் பார்த்தால், 8-ஐ 10 ஆக்குவதால் கிடைப்பது பெரும்பாலும் கரிதான் என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு

பிரிட்டனிலோ ஐரோப்பிய நாடுகளிலோ விற்பவர்களுக்கும், அங்கேயே வீட்டில் செய்து சந்தையில் வைக்கும் நம்மவர்களுக்கும் மூன்றாம் பகுதி இன்னொரு முறை தேவைப்படும். அங்கே சி.எல்.பி. என்ற விதிப்படி, முடிந்த மெழுகுவர்த்தியின் லேபிளில் அதற்குரிய ஆபத்துச் சொற்கள் வரவேண்டும். எண்ணெயின் தாளில் இருக்கும் ஐந்தையும் அப்படியே நகலெடுப்பதும் தவறு, ஒன்றுமே போடாமல் விடுவதும் தவறு. H226, H304 இரண்டும் திரவத்துக்கானவை, திடமான மெழுகுவர்த்திக்கு வராது. H317 வருமா என்று பார்க்கக் கணக்கு வேண்டும். லிமோனினின் மேல்வரம்பு 40%, எண்ணெயின் பங்கு 7.4%, பெருக்கினால் மெழுகுவர்த்தியில் லிமோனின் ஏறக்குறைய 3%. இந்தப் பொருளுக்கு 1% தொட்டாலே தோல் ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டும். ஆக ஆச்சரியக்குறிப் படமும் லிமோனினின் பெயரும் லேபிளில் இடம்பெறும். சின்னமால்டிஹைடு இதைவிடக் கடுமையான ஒவ்வாமைப் பொருள், அதற்கான வரம்பு இன்னும் கீழே. நீர்வாழ் உயிர்களுக்கான குறியீட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் நீங்களே இதைப் போட வேண்டியதில்லை. மெழுகில் 10% கலந்த நிலைக்கான சி.எல்.பி. தாளை அங்குள்ள எண்ணெய் வியாபாரிகள் தயாராகவே வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். நீங்கள் 8% போடுகிறீர்கள் என்றால் 10%-க்கான லேபிளைப் போடலாம், எச்சரிக்கை கூடுதலாக இருக்குமே தவிரக் குறையாது. 12% போட்டுவிட்டு 10%-க்கான லேபிளை ஒட்டுவதுதான் கூடாது. வியாபாரி எண்ணெயின் கலவையை மாற்றினால் எஸ்.டி.எஸ்., இஃப்ரா சான்றிதழ், சி.எல்.பி. தாள் மூன்றும் மாறும், அதனால் புதிய பாட்டில் வாங்கும்போதெல்லாம் முதலில் திருத்திய தேதியைப் பாருங்கள்.